நிஃப்டில 4ஆவது வேவ் 1ஆவது வேவுக்குள்ள 50 பாயின்ட் நுழைஞ்சிருக்கு, என் கவுண்ட் செத்துச்சா இல்லையா?

அலைபழகுநர்
எலியட் வேவ் இப்பதான் படிச்சிட்டு இருக்கேன், பழைய சார்ட்ட எடுத்து நம்பர் போட்டு பழகிட்டு இருக்கேன், நிஃப்டி ஸ்பாட் டெய்லி சார்ட். 2022 ஜூன் 17 லோ 15183.40, அதுல ஆரம்பிச்சேன். 2022 டிசம்பர் 1 ஹை 18887.60 வரைக்கும் வேவ் 1. அங்கருந்து 2023 மார்ச் 20 லோ 16828.35 வேவ் 2. செப்டம்பர் 15 ஹை 20222.45 வேவ் 3. அக்டோபர் 26 லோ 18837.85 வேவ் 4. பாக்க அழகா வந்துச்சு, அப்புறம்தான் பாத்தேன் வேவ் 4 லோ வேவ் 1 ஹைக்கு கீழ 49.75 பாயின்ட் போயிருக்கு. 4 வந்து 1ஓட ஏரியாவுக்குள்ள வரவே கூடாதுன்னு தான எல்லாரும் சொல்றாங்க. ஆனா லைன் சார்ட்டுக்கு மாத்துனா ஓவர்லேப்பே இல்ல! டிசம்பர் 1 க்ளோஸ் 18812.50, அக்டோபர் 26 க்ளோஸ் 18857.25, மேலதான் நிக்குது. இப்ப இது ரூல் உடைஞ்சதா இல்லையா? ரூல் ரூல்னு சொல்றாங்க, சார்ட் டைப்ப மாத்துனா ரூல் மாறிடுமா?

ஈரோட்டு_சார்ட்டர்
ப்ரோ, க்ளோஸ் தான் முக்கியம். விக்னால ஒன்னும் ஆகாது, அது வெறும் ஸ்டாப்லாஸ் ஹன்டிங், க்ளோஸ் மேல இருந்தா கவுண்ட் உயிரோடதான் இருக்கு. ஆனா உங்க கவுண்ட்ல வேற பிரச்சனை இருக்கு, வேவ் 3 தான் எப்பவும் பெருசா இருக்கணும், உங்களுது வேவ் 1 3704 பாயின்ட், வேவ் 3 3394 தான். அதனால அது வேவ் 3யே இல்ல.

பேங்க்நிஃப்டி_வெறியன்
நண்பா இதே கதைதான் எனக்கும், பேங்க் நிஃப்டி 5 நிமிஷ சார்ட்ல வேவ் 4 முடிஞ்சிடுச்சுன்னு எக்ஸ்பைரி அன்னைக்கு கால் ஆப்ஷன் வாங்குனேன், அது கீழ போயி வேவ் 1 ஹைய உடைச்சு போயிடுச்சு, ப்ரீமியம் மொத்தமும் காலி. தானா நம்பர் போட்டு தர்ற இண்டிகேட்டர் ஏதாச்சும் இருந்தா சொல்லுங்க, காசு கட்டியாவது வாங்கிக்கிறேன்.

சார்ட்டு_மாமா
தம்பி, ஈரோட்டுக்காரர் சொன்னதுல பாதி சரி, பாதி தப்பு. வேவ் 3 பெருசா இருக்கணும்னு ரூல் கிடையாது. 1, 3, 5 மூணுல 3 தான் எல்லாத்தையும் விட சின்னதா இருக்கக் கூடாது, அவ்ளோதான். ஒன்னு பெருசு, மூணு நடுத்தரம், அஞ்சு அதவிட சின்னது, இது தாராளமா செல்லும். ஆனா அப்படி வர்ற நிமிஷத்துலயே வேவ் 5க்கு ஒரு கூரை விழுந்துடும், அத யாரும் கணக்கு போட்டுப் பாக்குறதில்ல.

உங்க கவுண்ட்டையே எடுத்துக்கோங்க. 1 வந்து 3704, 3 வந்து 3394. இப்ப 5ம் 3394ஐ தாண்டுனா 3 தான் குட்டியா ஆயிடும். அதனால 18837.85 கூட்டல் 3394.10, அதாவது 22231.95ஐ தாண்டவே கூடாது. 2024 பிப்ரவரிலயே அதுக்கு மேல போயிடுச்சு. க்ளோஸ் வச்சு கணக்கு போட்டாலும் கூரை 22100 பக்கம்தான் வரும், அதையும் தாண்டியாச்சு. அதனால அந்த 50 பாயின்ட்ட பத்தி சண்டை போட வேண்டிய அவசியமே இல்ல, ஓவர்லேப்ப மன்னிச்சு விட்டாலும் வேவ் 3 ரூல் அந்த கவுண்ட்ட கொன்னுடுச்சு. சில பேரு உடனே “இது டயகனல், அதுல ஓவர்லேப் அனுமதி”ன்னு வருவாங்க. அனுமதிதான், ஆனா டயகனல்லயும் 3 குட்டியா இருக்கக் கூடாது, அதே கூரை, அதே சாவு.

விக்கா க்ளோஸான்னு கேட்டா நான் ஹை லோ தான் எடுப்பேன், அந்த விலைல உண்மையாவே வியாபாரம் நடந்திருக்கு. ஆனா எதையாவது ஒன்ன பிடிச்சா கடைசி வரைக்கும் அதுதான். ரூல் உடையுற இடத்துல மட்டும் லைன் சார்ட்டுக்கு தாவுறது ஏமாத்து வேலை.

அலைபழகுநர்
மாமா சூப்பர், கூரை கணக்கு எனக்கு தோணவே இல்ல. சரி கவுண்ட் செத்துச்சு. அப்ப அந்த 20222உம் 18837உம் என்ன? நம்பர் போடாம விட முடியாதே.

சார்ட்டு_மாமா
அங்கதான் விஷயமே இருக்கு. நீங்க 3, 4ன்னு பேரு வச்சத, வேவ் 3க்குள்ள இருக்குற சின்ன 1, சின்ன 2ன்னு பேரு மாத்துங்க. 16828லருந்து 20222 சின்ன 1, 18837 சின்ன 2. சின்ன 2, சின்ன 1ஓட ஆரம்பமான 16828ஐ உடைக்கல, ஏறுனதுல 41 சதவீதம்தான் இறங்கிச்சு, சட்டப்படி சுத்தம். ஓவர்லேப் பிரச்சனையே மறைஞ்சு போச்சு பாத்தீங்களா? சார்ட்ல ஒரு கேண்டில் கூட மாறல. டிகிரி மட்டும்தான் மாறிச்சு. 4 ஓவர்லேப் ஆகும்போதெல்லாம் “1-2, 1-2”ன்னு மாத்தி தப்பிச்சுக்கலாம், ஏற்கனவே 100 சதவீதத்துக்கு மேல இறங்கியிருந்தா மட்டும் தப்பிக்க முடியாது. ரூல் சொல்றது “இந்தப் பேரு செல்லாது”ன்னு மட்டும்தான், எந்தப் பேரு செல்லும்னு அது சொல்லாது. 1930கள்ல எலியட் இத எழுதுன காலத்துலருந்தே இதே கதைதான்.

ஈரோட்டு_சார்ட்டர்
மாமா அப்ப 26277ல என்ன நம்பர்? 2024 செப்டம்பர் 27 ஹை 26277.35. நான் அங்க மொத்தமா முடிஞ்சிடுச்சுன்னு வச்சிருக்கேன். காரணம் சொல்றேன், 2020 மார்ச் லோ 7511.10லருந்து 2021 அக்டோபர் ஹை 18604.45 வரைக்கும் 11093.35 பாயின்ட். 15183.40லருந்து 26277.35 வரைக்கும் 11093.95 பாயின்ட். வித்தியாசம் வெறும் 0.60! இது ஏ-பி-சி, சி ஏ ரெண்டும் சமம், ஏத்தம் முடிஞ்சிடுச்சு. இதுக்கு மேல என்ன ப்ரூஃப் வேணும்?

சார்ட்டு_மாமா
பாயின்ட்ல கணக்கு சரிதான் தம்பி, ஆனா அதே சமத்த வச்சு எதிர்க்கட்சியும் பேசலாம். 7511-18604 வேவ் 1, 15183 வேவ் 2, 26277 வேவ் 3, மூணும் ஒன்னும் சமம், இன்னும் 4உம் 5உம் பாக்கின்னு. எந்த ரூலும் உடையல. இன்னொன்னு, லாக் ஸ்கேல்ல போட்டா அந்த சமமே காணாம போயிடும், முதல் ஏத்தம் ரெண்டரை மடங்கு பக்கம், ரெண்டாவது 1.73 மடங்கு. பல வருஷ சார்ட்ட சாதா ஸ்கேல்ல அளக்குறதா லாக்ல அளக்குறதான்னு ஒரே பதில் கிடையாது.

கோடு_எழுதுறவன்
இதுக்குள்ள நானும் வர்றேன், ஏன்னா ஸ்விங்க் பிடிக்க ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதி வச்சிருக்கேன், இத்தன சதவீதம் திரும்புனாதான் அத ஒரு ஸ்விங்கா எடுன்னு சொல்ற வகை. 15183லருந்து ஓட்டிப் பாத்தேன். 8 சதவீதம் கொடுத்தா வர்ற புள்ளிகள் இதுதான்: 18887.60, 16828.35, 23338.70, 21281.45, 26277.35. கடைசிக்கு முந்துன ரெண்டும் 2024 ஜூன் 3 ஹை, ஜூன் 4 தேர்தல் ரிசல்ட் அன்னைக்கு லோ. அப்ப எண்ணிப் பாருங்க, 1, 2, 3, 4, 5, முழு அஞ்சு அலை, 26277ல முடிஞ்சுது. 21281 வந்து 18887க்கு மேலதான், 3 தான் எல்லாத்துலயும் பெருசு, ஒரு ரூலும் உடையல.

இப்ப அதே ஸ்கிரிப்ட், 10 சதவீதம். ஜூன் 3-4 விழுந்தது 8.8 சதவீதம்தான், அது காணாம போயிடும். மிச்சம் 18887, 16828, 26277, அப்புறம் 2025 ஏப்ரல் 7 லோ 21743.65. எண்ணிப் பாத்தா 1, 2, 3, 4. இதுவும் எந்த ரூலையும் உடைக்கல, 4 வந்து 18887க்கு 2850 பாயின்ட் மேலயே நிக்குது. ஒரே டேட்டா, நடுவுல ஒரு நம்பர் 8லருந்து 10 ஆச்சு, அவ்ளோதான், ஒன்னுல அஞ்சு முடிஞ்சிடுச்சு, இன்னொன்னுல அந்த ஏப்ரல் லோ வரைக்கும் நாலுதான், அஞ்சு பாக்கி. நீங்க கண்ணால கவுண்ட் போடும்போதும் மனசுக்குள்ள ஒரு சதவீதம் வச்சுக்கிட்டுதான் போடுறீங்க, எதுன்னு உங்களுக்கே தெரியாது. 4 ஜூன்ங்கிற ஒத்த நாள வேவ் 4ன்னு சொல்றீங்களா, வேவ் 3க்குள்ள சின்ன 4ன்னு சொல்றீங்களாங்கறதுல மொத்த கவுண்ட்டும் மாறுது.

@பேங்க்நிஃப்டி_வெறியன் ஆட்டோ இண்டிகேட்டர் கேட்டீங்கல்ல, அதுக்குள்ளயும் இதே சதவீதம் செட்டிங்ல ஒளிஞ்சிருக்கும். மாத்திப் பாத்துட்டு வாங்குங்க.

பேங்க்நிஃப்டி_வெறியன்
5 நிமிஷத்துக்கு எத்தன சதவீதம் வைக்கணும்?

கோடு_எழுதுறவன்
அதுக்கு பதில் இருந்தா நான் ஏன் ப்ரோ வேலைக்கு போறேன்.

அலைபழகுநர்
ரெண்டு கவுண்ட்டும் சட்டப்படி சரின்னா எத வச்சு பிரிக்கிறது மாமா? ஒன்னு இறங்கும்ங்குது, ஒன்னு இன்னும் ஒரு ஏத்தம் பாக்கிங்குது.

சார்ட்டு_மாமா
ஏத்தம் பாக்கிங்குற கவுண்ட் எங்க சாகும்னு தெளிவா தெரியும், 18887.60க்கு கீழ வந்தா வேவ் 4 ஓவர்லேப், அவ்ளோதான். ஆனா 21743லருந்து அது ரொம்ப தூரம், அவ்ளோ தூரம் ஸ்டாப் வச்சு யாரும் வியாபாரம் பண்ண முடியாது. முடிஞ்சிடுச்சுங்குற கவுண்ட்ட கொல்றது இன்னும் கஷ்டம், 26277ஐ தாண்டி புது ஹை போனாலும் அவங்க “பி வேவ் பழைய ஹைய தாண்டலாம், இது எக்ஸ்பான்டட் ஃப்ளாட்”னு சொல்லுவாங்க, அதுவும் ரூலுக்குள்ளதான் இருக்கு. கரெக்‌ஷன் பக்கம் வந்தா ஃப்ளாட், முக்கோணம், டபுள் த்ரீன்னு அவ்ளோ வகை இருக்கு, இம்பல்ஸுக்கு இருக்குற மாதிரி இறுக்கமான மூணு ரூல் அங்க இல்ல. அதனாலதான் நான் பெரிய கவுண்ட்ட ஓரமா பென்சில்ல எழுதி வச்சுட்டு, இறக்கத்துக்குள்ள சின்ன டிகிரில அஞ்சா மூணான்னு மட்டும் பாப்பேன். 26277லருந்து இறங்குனது அஞ்சு அலையா இருந்தா ஒரு கதை, மூணா இருந்தா வேற கதை. அதையும் நான் மூணுன்னு எண்ணுறேன், என் நண்பர் ஒருத்தர் அஞ்சுன்னு அடிச்சு சொல்றாரு.

ஈரோட்டு_சார்ட்டர்
நானும் அஞ்சுதான் எண்ணுறேன். அப்புறம் மாமா, ஸ்பாட்ல எண்ணுறதே தப்புன்னு நெனைக்கிறேன், ஃப்யூச்சர்ஸ்லதான காசு போடுறோம், அந்த 50 பாயின்ட் ஓவர்லேப் ஃப்யூச்சர்ஸ் சார்ட்ல இருக்குமா இருக்காதான்னு யாராச்சும் பாத்தீங்களா?

சார்ட்டு_மாமா
மாசா மாசம் கான்ட்ராக்ட் மாறும்போது ப்ரீமியம் ஒட்டிக்கிட்டு வரும் தம்பி, ஒரு வருஷ இடைவெளில இருக்குற ரெண்டு ஹை லோவ தொடர் ஃப்யூச்சர்ஸ் சார்ட்ல ஒப்பிட்டா 50 பாயின்ட்டெல்லாம் ஒட்டு போடுற விதத்துலயே மாறிடும். நான் ஸ்பாட்தான்.

ஈரோட்டு_சார்ட்டர்
ஒத்துக்க மாட்டேன். நைட்டு சார்ட் போட்டு அனுப்புறேன், பாத்துட்டு சொல்லுங்க.