தீர்ப்பு சொல்லாமல் சண்டை தீர்ப்பது: பள்ளிப் பிள்ளைகளைப் பழக்கிய அனுபவம்

கணக்கு டீச்சர்

கூடப் படிக்கும் பிள்ளைகளின் சண்டையைப் பேசித் தீர்த்துவைக்க, எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் 12 பேருக்கு, வாரம் 2 மணி நேரம் வீதம் 6 வாரம் பயிற்சி கொடுத்தோம். முதல் ஒத்திகையிலேயே அத்தனை பேரும் நாட்டாமை ஆகிவிட்டார்கள். "தப்பு உன்மேலதான், ஸாரி கேளு, கை கொடுங்க." மூன்றே நிமிடத்தில் தீர்ப்பு முடிந்தது, சண்டை முடியவில்லை. 'நடுவர்' என்று பெயர் வைத்ததும் என் தப்புதான். பட்டிமன்றம் பார்த்து வளர்ந்த பிள்ளை, நடுவர் என்றால் தீர்ப்புதானே சொல்லும்? 'இணக்கத் தோழர்' என்று மாற்றினோம். கேட்டதை, தன் கருத்தைச் சேர்க்காமல் திருப்பிச் சொல்லிப் பழகவே பயிற்சியில் பாதி நேரம் போனது.

ஓர் அமர்வுக்கு இரண்டு தோழர்கள், அரை மணி நேரம். முதலில் விதிகள். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடக் கூடாது. பட்டப்பெயர் கூடாது, அப்பா அம்மாவை இழுக்கக் கூடாது. இங்கே பேசியது வெளியே போகாது, ஆனால் யாருக்காவது ஆபத்து என்றால் ஆசிரியரிடம் சொல்லியே தீருவோம். இருவரும் "சரி" என்றால்தான் தொடங்கும். பிறகு ஆளுக்கொரு முறை நடந்ததைச் சொல்வார்கள், தோழர் அதைத் திருப்பிச் சொல்லி "சரியா?" என்று கேட்பார். என்ன செய்யலாம் என்ற யோசனை சண்டை போட்டவர்களிடமிருந்துதான் வர வேண்டும். கடைசியில் எழுதிக் கையெழுத்து.

ஒரு வழக்கைச் சொல்கிறேன். ஒன்பதாம் வகுப்பில் ஒருவன் அறிவியல் ரெக்கார்டு நோட்டை இரவல் கொடுத்தான். திரும்பி வந்தபோது இரண்டு படங்கள் தண்ணீரில் ஊறியிருந்தன. வகுப்பிலேயே "திருடன்" என்று கத்தினான், மற்றவன் சட்டையைப் பிடித்தான். அமர்வில் தோழி ஒருத்தி, "நோட்டு நனைந்ததைவிட, அதனால் கையெழுத்து வாங்க முடியாமல் போனதுதான் கோபம், சரியா?" என்றாள். "அதுவும்தான். ஆனா நனைஞ்சதை அவன் சொல்லவே இல்ல, நானாத்தான் பார்த்தேன்" என்றான். மற்றவனுக்கோ நோட்டு ஒரு பொருட்டே இல்லை. எல்லோர் முன்னாலும் திருடன் என்றதுதான் வலி. இரண்டு பேரும் இரண்டு வேறு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்!

"இனிமேல் சண்டை போட மாட்டோம்" என்று எழுதப் போனார்கள். அது ஒப்பந்தமே இல்லை, ஒரு வாரம்கூடத் தாங்காது. "நாளைக்கு யார் என்ன செய்வீங்க?" என்று அவளே கேட்டாள். வியாழக்கிழமைக்குள் இரண்டு படமும் வரைந்து தருவது, வகுப்பு முன் "திருடன் இல்லை" என்று சொல்வது என்று எழுதினார்கள். இரண்டு வாரம் கழித்து விசாரித்தேன். படம் வெள்ளிக்கிழமைதான் வந்ததாம். மன்னிப்பும் நாலு பேர் முன்னால்தான். "போதும் மிஸ்" என்றான்.

பி.டி. சார்

நாங்கள் கிளாஸ் லீடர்களை வைத்தே செய்தோம். பையன்கள் அவர்கள் பேச்சைக் கேட்பார்கள். நானே இரண்டு பேரையும் பிடித்து உட்கார வைத்துவிடுவேன், பத்து நிமிட வேலை. ஆனால் அதே இரண்டு பேர் மறுபடி மறுபடி வந்தார்கள்.

கணக்கு டீச்சர்

சார், லீடர் பேச்சைக் கேட்பது பெயர் எழுதிவிடுவானே என்ற பயத்தில். மதிப்பெண்ணை வைத்து ஆள் எடுக்காமல், 'சண்டை வந்தால் யாரிடம் சொல்வாய்?' என்று ஒரு சீட்டு எழுதச் சொன்னேன். நான் எதிர்பார்க்காத பெயர்கள் வந்தன. அடிக்கடி அடிதடியில் மாட்டுகிற ஒரு பையனும் அதில் இருந்தான், அவன்தான் இன்றைக்கு நன்றாகச் செய்கிறான். பிடித்து உட்கார வைத்தால் உங்களுக்காகத் தலையாட்டுவார்கள், அவ்வளவுதான்.

ஏழாம் வகுப்பு அம்மா

என் பெண்ணை வேனில் நான்கு பிள்ளைகள் நிறத்தைச் சொல்லி மாதக்கணக்கில் கேலி செய்கிறார்கள். இப்படி உட்கார வைத்துப் பேசச் சொல்லலாமா?

கணக்கு டீச்சர்

வேண்டாம் அக்கா. இது சண்டை இல்லை, ஒருத்தியை நாலு பேர் நோகடிப்பது. சமமாக உட்கார வைத்து "நீ எதை விட்டுக்கொடுப்பாய்?" என்று கேட்டால் அதுவே இன்னொரு கொடுமை. தலைமையாசிரியரிடம் எழுதிக் கொடுங்கள், தேதி போட்டு. அடிதடி, ஆயுதம், பாலியல் தொந்தரவு எதையும் நாங்கள் பிள்ளைகளிடம் விடுவதில்லை. பாலியல் புகார் காதில் விழுந்தாலே போக்சோ சட்டப்படி தெரிவித்தாக வேண்டும்.

முன்னாள் தோழன், இப்போது கல்லூரியில்

எட்டாவதில் நானும் இருந்தேன். ஒரு அமர்வில் கேட்டதைக் கேண்டீனில் உளறிவிட்டேன். அதற்கப்புறம் ஒரு மாதம் எங்களிடம் யாருமே வரவில்லை. இன்னொன்று, என் நண்பன் சண்டைக்கு நானே உட்கார்ந்தேன். அவன் சொன்னதை நீட்டி, எதிராளி சொன்னதைச் சுருக்கித் திருப்பிச் சொன்னேனாம். எனக்குத் தெரியவே இல்லை, கூட இருந்தவள்தான் சொன்னாள்.

தமிழய்யா

எங்கள் பக்கம் கையில் கட்டும் சாதிக் கயிற்றின் நிறத்திலேயே சண்டை. 2023-இல் நாங்குநேரியில் சாதி வெறியில் ஒரு மாணவனை வெட்டியதும் பள்ளிப் பிள்ளைகள்தான். அதைப் பிள்ளைகளிடம் விட முடியுமா?

கணக்கு டீச்சர்

சாதிப் பெயர் வந்த உடனே அமர்வை நிறுத்தி எங்களிடம் வரச் சொல்லியிருக்கிறேன்.

முன்னாள் தோழன், இப்போது கல்லூரியில்

அப்படி நிறுத்தினால் அடுத்த முறை அந்தப் பெயரை மட்டும் சொல்லாமல் சண்டையைச் சொல்வார்கள், மிஸ். நாங்கள் அப்படித்தான் செய்தோம்.