புதுப்பிப்பு: லிஃப்ட் சர்வீஸ் தேதி ஏன் 1899 என்று வந்தது

முன்பு நான் கேட்டது: "கூகுள் ஷீட்டில் B பத்தியில் லிஃப்ட் சர்வீஸ் தேதிகள் இருக்கின்றன. இன்றைக்கு அப்புறம் வரும் முதல் தேதி மட்டும் வேண்டும். 12/30/1899 என்று வருகிறதே?"

சூத்திரத்தில் தப்பில்லை.

```
=MINIFS(B2:B30,B2:B30,">"&TODAY())
```

"MIN மட்டும் போதுமே" என்றார் ஒரு நண்பர். அது போன ஏப்ரலுக்கே போய் நின்றது.

மேல்மாடி அண்ணா, கணக்காளர், வந்து பார்த்ததும் சொன்னார்: "24/07 இடப்பக்கம் ஒட்டியிருக்கு பாருங்க. அது தேதி இல்ல, வெறும் எழுத்து." ஷீட் அமெரிக்க முறையில் இருந்திருக்கிறது. 24, 21 என்ற மாதம் இல்லாததால் 24/07, 21/08 இரண்டும் எழுத்தாகவே நின்றுவிட்டன. 07/08 ஜூலை 8 ஆகவும், 04/09 ஏப்ரல் 9 ஆகவும் மாறிவிட்டன. நான் பார்த்தது ஆகஸ்ட் 3 அன்று. வரும் தேதி ஒன்றுகூட மிஞ்சாததால் விடை பூஜ்யம். ஷீட்டில் பூஜ்யத்தைத் தேதியாகக் காட்டினால் 1899 டிசம்பர் 30.

அமைப்பில் Locale-ஐ India என்று மாற்றினேன். பழைய தேதிகள் தானாகச் சரியாகவில்லை, எல்லாவற்றையும் திரும்ப அடித்தேன். உடனே 07/08/2025 வந்தது.

சர்வீஸ் நாளன்றும் அதே தேதி தெரிய வேண்டுமானால் `">="` போடச் சொன்னார் அண்ணா. அசோசியேஷனில் அதற்கு இன்னும் வாக்குவாதம்.