யமுனைப் பனியில் இருண்ட படம், வெயிலில் வெளுத்த படம்: தப்பு எங்கே?

யமுனைக்கரை:
போன ஞாயிறு காலை கஷ்மீரி கேட் பக்கத்தில் யமுனா காட் போயிருந்தேன். கடற்காகங்கள், படகு, நல்ல மூடுபனி. 7:30 மணிக்கு எடுத்த முதல் படம் கேமரா திரையில் பளிச்சென்று இருந்தது. மயூர் விஹாருக்குத் திரும்பி லேப்டாப்பில் பார்த்தால் அழுக்குத் துணி மாதிரி இருட்டு. கூட வந்த நண்பர் சொன்னபடி எக்ஸ்போஷரைக் கூட்டினேன். 9:40க்கு வெயில் வந்தபின் எடுத்த இரண்டாவது படத்தில் பறவைகள் எல்லாம் வெள்ளைக் காகிதமாகி, இறகே தெரியவில்லை. இரண்டுமே ஜேபெக். விவரங்கள் கீழே, கடைசி எண் நான் கூட்டிய எக்ஸ்போஷர்:

```
1: 1/500  f/5.6  ISO 1600   0
2: 1/1250 f/5.6  ISO 1600  +1.7
```

முதல் படத்தின் ஹிஸ்டோகிராமில், இடப்பக்கம் இருட்டு வலப்பக்கம் வெளிச்சம் என்று காட்டும் அந்த வரைபடத்தில், நடுவில் ஒரே மேடு. இரண்டாவதில் மேடு வலப்பக்கம் தள்ளியிருக்கிறது, கடைசி ஓரத்தில் மெல்லிய ஒரு கோடு. என்ன தப்பு செய்தேன்?

ஜனக்புரி ஜன்னல்:
முதல் படத்தில் தப்பே இல்லை தம்பி. மேடு நடுவில் இருந்தால் எக்ஸ்போஷர் சரி என்று அர்த்தம். உங்கள் லேப்டாப் திரைதான் மங்கல். விடியற்காலை அரை இருட்டில் கேமரா திரையைப் பார்த்தால் எந்தப் படமும் பளபளவென்றுதான் தெரியும். அதே படத்தை மத்தியானம் கன்னாட் பிளேஸில் நின்று பார்த்தால் ஒன்றுமே தெரியாது.

பழைய ரோல்:
திரை ஏமாற்றும் என்பது சரி. ஹிஸ்டோகிராமைப் பார்ப்பதே அதனால்தான். திரை வெளிச்சத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் அந்த வரைபடம் மாறாது. ஆனால் “நடுவில் இருந்தால் சரி” என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன் சார். கேமராவின் மீட்டருக்கு எதிரே இருப்பது பனியா கரியா என்று தெரியாது. எதைக் காட்டினாலும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். படம் முழுக்கப் பனி என்றால் அந்தப் பனியையே சாம்பலாக்கிவிடும். மேடு நடுவில் உட்கார்ந்திருப்பதுதான் இங்கே குற்றத்துக்குச் சாட்சி. வலப்பக்கம் எவ்வளவு காலியாக இருக்கிறது என்று பாருங்கள் தம்பி.

யமுனைக்கரை:
கிட்டத்தட்ட பாதி காலி சார். படகு கறுப்பாக இருப்பதால் இடப்பக்கம் கொஞ்சம் வால் மாதிரி நீள்கிறது. மற்றபடி 255 வரை உள்ள அளவில் எல்லாம் 90க்கும் 140க்கும் நடுவில்.

பழைய ரோல்:
சரி, இரண்டு ஓரத்திலும் எதுவும் முட்டவில்லை. அதனால் இந்தப் படம் இருட்டானதே தவிர எதையும் தொலைக்கவில்லை. +1.3 வைத்திருந்தால் மேடு அப்படியே வலப்பக்கம் நகர்ந்து, சுவரைத் தொடாமல் நின்றிருக்கும். நீங்கள் அபெர்ச்சர் முறையில் எடுத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அதில் +1.3 வைத்தால் ஷட்டர் 1/200க்கு இறங்கும், பறவையின் சிறகு அசங்கிப்போகும். 1/500 வேண்டுமென்றால் ஐஎஸ்ஓவை 4000க்கு ஏற்ற வேண்டியதுதான்.

ஜனக்புரி ஜன்னல்:
4000 வைத்தால் மணல் தூவின மாதிரி புள்ளி புள்ளியாக இருக்குமே. எடுத்தபடியே விட்டு, வீட்டில் மென்பொருளில் ஏற்றிக்கொள்ளலாம். எதையும் தொலைக்கவில்லை என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

பழைய ரோல்:
பதப்படுத்தாத ரா கோப்பாக எடுத்திருந்தால் நானே அதைச் சொல்வேன். இன்றைய கேமராக்கள் பலவற்றில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் வராது. இவர் எடுத்தது ஜேபெக். ஐம்பது படிகளுக்குள் அடைந்து கிடக்கும் பனியை இழுத்து விரித்தால் வானத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும். புள்ளிகளைவிட அது அசிங்கம்.

ஆர்கே புரம் மாமி:
நடுவில் வருவதற்கு மன்னிக்கணும், எனக்கும் இதே வெளுப்புப் பிரச்சினைதான். மருமகள் சீமந்தத்துக்குக் குங்குமச் சிவப்பில் காஞ்சிபுரம் கட்டியிருந்தாள். மண்டபம் முழுக்க மஞ்சள் விளக்கு. படத்தில் முகம் நன்றாக இருக்கிறது, புடவை மட்டும் சிவப்பு பெயின்ட் ஊற்றின மாதிரி. ஜரிகைக்கும் புட்டாவுக்கும் அடையாளமே இல்லை. ஹிஸ்டோகிராம் எந்த ஓரத்திலும் முட்டவில்லையே?

பழைய ரோல்:
மாமி, உங்கள் கதை வேறு. நீங்கள் பார்த்தது ஒரே வெள்ளை வரைபடமாக இருக்கும். அதில் பச்சைக்குத்தான் பங்கு அதிகம், சிவப்புக்குக் குறைவு. மஞ்சள் விளக்கில் சிவப்புப் புடவை என்றால் சிவப்பு மட்டும் தனியாகப் போய்ச் சுவரில் முட்டியிருக்கும், வெள்ளை வரைபடம் அதைச் சொல்லாது. படத்தைத் திரும்பப் பார்க்கும்போது தகவல் பொத்தானை அழுத்திக்கொண்டே போங்கள். சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று தனி வரைபடம் காட்டும் பக்கம் பெரும்பாலான கேமராக்களில் உண்டு. சிவப்பு முட்டினால் -0.7 வைத்து இன்னொன்று எடுங்கள். முகம் கொஞ்சம் இருட்டும், அதைப் பிறகு தூக்கிவிடலாம்.

தம்பி, இப்போது உங்கள் இரண்டாவது படம். பனிக்காக வைத்த +1.7ஐ வெயில் வந்த பிறகும் மாற்றவில்லை, அவ்வளவுதான். பனியில் படம் முழுக்க வெளிர், அங்கே கூட்டியது சரி. வெயிலில் படத்தின் பெரும்பகுதி தண்ணீர். மீட்டர் அதை நடுத்தரமாக வைக்கும்போதே வெள்ளை இறகு அதைவிட இரண்டு ஸ்டாப்புக்கு மேல் தூக்கலாக இருக்கும். அதற்கு மேல் 1.7 சேர்த்தால் இறகு எங்கே தங்கும்? நீங்கள் சொன்ன மெல்லிய கோடு இருக்கிறதே, அதுதான் பறவை. படத்தில் பறவை சின்னது, அதனால் வரைபடத்தில் கோடும் சின்னது. இந்த மாதிரி படத்துக்கு வரைபடத்தைவிட, வெளுத்த இடம் கறுப்பும் வெள்ளையுமாக மினுக்கும் எச்சரிக்கை உதவும். மெனுவில் போட்டு வையுங்கள். பறவை மினுக்கினால் இறகு போச்சு. தண்ணீரில் வெயில் தெறிக்கும் புள்ளி மினுக்கினால் கவலைப்பட வேண்டாம்.

யமுனைக்கரை:
இதை மென்பொருளில் இறக்கினால் இறகு வராதா சார்?

பழைய ரோல்:
வராது. மூன்று நிறமும் 255ல் நிற்கிற இடத்தை இறக்கினால் வெள்ளை சாம்பலாகும், அவ்வளவுதான். உங்கள் முதல் படமும் பார்க்க மங்கித்தான் இருக்கும். ஆனால் அது ஓரம் முட்டாத மங்கல், ஓரளவு திருத்தலாம்.

ஜனக்புரி ஜன்னல்:
அதனால்தான் எப்போதும் ராவில் எடு என்கிறேன். வெளுத்தாலும் திரும்ப வரும்.

பழைய ரோல்:
கொஞ்சம் வரும் சார். கேமரா திரையில் தெரியும் வரைபடம் ராவுக்கு வரைந்ததே இல்லை, உள்ளே இருக்கும் ஜேபெக் பிரதிக்கு வரைந்தது. அதனால் அங்கே முட்டினாலும் ராவில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கும். ஆனால் 1.7 தவறை முழுதாக அது தாங்கும் என்று நம்பி நான் எடுக்க மாட்டேன்.

ஜனக்புரி ஜன்னல்:
இன்னொன்றும் சொல்கிறேன். இந்தப் பனியை வெள்ளையாக்கணும் என்று யார் சொன்னது? டெல்லிப் பனி ஊட்டிப் பனியா? பாதிப் புகை. நேரில் பார்த்தாலே சாம்பல் நிறம்தான். +1.3 வைத்தால் படம் அழகாக இருக்கும், ஆனால் பொய். நான் +0.7க்கு மேல் போக மாட்டேன்.

பழைய ரோல்:
அது ரசனை, அதில் சண்டை இல்லை. ஆனால் +0.7 என்றால் நீங்களும் கூட்டத்தானே செய்கிறீர்கள்? நடுவில் இருந்தால் சரி என்றீர்களே!

ஜனக்புரி ஜன்னல்:
கொஞ்சம் கூட்டுவேன். கொஞ்சம்தான்.

யமுனைக்கரை:
சார், இப்போதுதான் அன்றைய மற்ற படங்களைத் திறந்து பார்த்தேன். சாயங்காலம் மலை மந்திரில் கருங்கல் சுவர் முன்னால் அம்மாவை நிற்கவைத்து, கரும்பச்சைப் புடவையில் நாற்பது படம் எடுத்தேன். எல்லாவற்றிலும் +1.7.

பழைய ரோல்:
கருங்கல்லைப் பார்த்து மீட்டரே ஒரு பங்கு கூட்டியிருக்கும், அதற்கு மேல் இது. கேமராவை அணைத்தாலும் அந்த எண் பல கேமராக்களில் அப்படியே இருக்கும். அம்மாவின் முகம் மினுக்குகிறதா, முதலில் அதைப் பாருங்கள்.

யமுனைக்கரை:
நெற்றியும் மூக்கும் மினுக்குகின்றன. மூக்குத்தி எங்கே என்று அம்மா கேட்கிறார்.