ஓர் ஆங்கிலச் சொல்கூட இல்லாமல் பதில் கேட்டபோது என்ன நடந்தது?

கயல்:
அம்மாவுக்குக் கண்புரை அறுவை முடிந்திருந்தது. சொட்டு மருந்து பற்றி மருத்துவமனைக்கு எழுதிக் கேட்டேன். "ஸ்டீராய்டு டிராப்ஸ் வீக்லி டேப்பர் பண்ணவும், மற்றது கன்டினியூ" என்று பதில் வந்தது. அம்மா 'டேப்பர்' மேல் விரலை வைத்து, "இதை நிறுத்தச் சொல்கிறார்கள்" என்றார். படிக்கவே அலுப்பாக இருக்கிறது, ஆங்கிலமே கலக்காமல் எழுதித் தாருங்கள் என்று மறுபடி கேட்டேன். "முதல் வாரம் நான்கு வேளை, அடுத்த வாரம் மூன்று, பிறகு இரண்டு, கடைசி வாரம் ஒன்று. ஒரேயடியாக நிறுத்த வேண்டாம்" என்று வந்தது. அந்த எண்ணிக்கை முதல் பதிலில் இல்லவே இல்லை! இன்னும் மனம் ஆறவில்லை எனக்கு.

மருது:
எனக்கு நேர்மாறு. கைபேசியில் இணையம் வரவில்லை என்று தம்பியிடம் கேட்டேன், முழுத் தமிழில் சொல் என்றேன். "அமைப்புகளில் விமானப் பயன்முறையை அணைத்துவிடு" என்று எழுதினான். என் திரையில் இருப்பதோ Settings, Airplane mode. தேடித் தேடிச் சலித்துப்போனேன். கயல் சொல்வது மருந்துக்குச் சரி, மற்றதற்கெல்லாம் கலப்புதான் விளங்கும்.

இளவேனில்:
மருது, அதை எப்படி ஒப்புக்கொள்வது? திரையில் தெரியும் பெயரையும் மருந்துப் பெட்டியில் அச்சான பெயரையும் அப்படியே விட வேண்டும், அவை அடையாளங்கள். வாசகனைக் களைக்க வைப்பது 'பண்ணவும்' என்பதோடு ஒட்டிக்கொள்ளும் ஆங்கில வினை. என்ன செய்ய வேண்டும் என்பதே அதற்குள் ஒளிந்துகொள்கிறது. நான் கடிதங்களைத் திருத்தும் வேலையில் இருக்கிறேன். "ஆங்கிலச் சொற்களை எடுத்துவிடுங்கள்" என்று கேட்டால், ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதியிலிருந்து ஒன்றைச் செருகி அனுப்புவார்கள். வாக்கியம் முன்பைவிட இறுகிவிடும். "நேரில் வந்து கேட்டால் எப்படிச் சொல்வீர்கள், அப்படி முதலிலிருந்து எழுதுங்கள், பெயர்களை மட்டும் உள்ளபடி விடுங்கள்" என்று கேளுங்கள். யார், எதை, எத்தனை முறை என்பது தானாக வந்துவிடும். வராவிட்டால் எழுதியவருக்கே அது தெளிவாக இல்லை என்று பொருள்; அந்த இடத்தை மட்டும் சுட்டித் திரும்பக் கேளுங்கள்.

செண்பகம்:
என் அண்ணன் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டி அனுப்புவார். அதைப் படிப்பதுதான் எனக்குப் பெரும்பாடு.

கயல்:
அது வேறு தொல்லை, செண்பகம். இளவேனில், நீங்கள் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் நேரில் கேட்டாலும் அவர்கள் 'டேப்பர்' என்றுதானே சொல்வார்கள்?

மருது:
அதைத்தான் நானும் கேட்கிறேன். தம்பியிடம் மறுபடி கேட்டபோது, "எனக்கு இப்படித்தான் வரும்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான்.