லாப்ரடார் முன்னங்காலை ஒரே இடத்தில் நக்கிப் புண்ணாக்குகிறது, உதவி தேவை

வேணி, சாட்ஸ்வொர்த்
அவசரம். எங்கள் ராஜா காலில் ஒரே இடத்தை நக்கி நக்கித் தோல் உரிந்து ரத்தம் கசிகிறது. டாக்டர் களிம்பும் கழுத்துக் கூம்பும் கொடுத்தார். கூம்பு இருக்கும்வரை ஆறுகிறது, கழற்றினால் மறுபடியும் அதே இடம்தான். என்ன செய்யலாம்?

மூர்த்தி, ஃபீனிக்ஸ்
எந்தக் கால்? என்ன வயது? பகலில் வீட்டில் யார் இருக்கிறார்கள்? கேள்வி கேட்கத் தெரிந்த பிறகு உதவி கேட்க வேண்டும், இதை இங்கே எத்தனையோ பேருக்குச் சொல்லியாயிற்று. இது லிக் கிரானுலோமா, ஓயாமல் நக்கித் தோல் தடித்து வரும் புண். காரணம் சலிப்பு. டர்பனில் பாதி நாய்கள் மதில் சுவருக்குள்ளேயே வாழ்ந்து முடிக்கின்றன. தினமும் நடக்கக் கூட்டிப் போங்கள், நின்றுவிடும்.

தேவி, டோங்காட்
எங்கள் நாய்க்கும் இதேதான் வேணி! நான்கு பாதமும் சிவந்து, வயிறும் காதும் அரித்தது. கிக்குயு புல்லில் புரண்டால் அதிகமானது. ரூயிபோஸ் தேநீரை ஆறவைத்துக் கழுவினேன், கொஞ்சம் அடங்கியது.

குமரன், பீட்டர்மாரிட்ஸ்பர்க்
தேவி அக்கா, பாதம், காது, வயிறு எல்லாம் அரித்தால் பெரும்பாலும் ஒவ்வாமை. வேணி சொல்வது ஒரே இடம். ஆனால் ஒவ்வாமை உள்ள நாயும் ஒரு இடத்தைப் பிடித்துக்கொள்வது உண்டு, அதனால் முழுவதும் ஒதுக்க வேண்டாம். வேணி, மற்ற இடங்களில் அரிப்பு உண்டா? தூங்கி எழுந்ததும் நொண்டுகிறதா? நீங்கள் பக்கத்தில் இருக்கும்போதும் நக்குகிறதா?

வேணி
இடது முன்னங்கால், மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேலே. எட்டு வயது, குண்டு. வேறு எங்கும் அரிப்பு இல்லை. அம்மா நாள் முழுக்க வீட்டில்தான் இருக்கிறார், ராத்திரி எங்கள் காலடியில் படுத்துக்கொண்டே நக்குகிறது. காலையில் எழும்போது கொஞ்சம் விறைப்பாக நடக்கும், வயசாகிவிட்டது என்று நினைத்தோம்.

குமரன்
அந்த விறைப்புதான் முக்கியம். மூட்டுக்குள்ளே வலித்தால் நாய் அதற்கு மேலுள்ள தோலை நக்கும். கூட ஆள் இருந்தும் ராத்திரியில் நக்குவதால் எனக்கு வலிமீதுதான் முதல் சந்தேகம். மணிக்கட்டையும் முழங்கையையும் இரண்டு கோணத்தில் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். பெரிய இன நாய்களுக்கு எலும்புப் புற்று வரும் வழக்கமான இடங்களில் மணிக்கட்டுக்குச் சற்று மேலும் ஒன்று, அதையும் பார்த்து விலக்கிவிடலாம்.

கூம்பு ஏன் போதவில்லை என்றால், நாக்கு உரச உரச மயிர் முறிந்து தோலுக்குள் புதைகிறது, மயிர்க்கால் வெடிக்கிறது, கிருமி ஆழத்தில் தங்குகிறது. அதன் பிறகு முதல் காரணம் போனாலும் அந்த இடம் தானே அரிக்கும். மேலே ஆறினாலும் அடியில் கெட்டியாகத் தடித்தே இருக்கும், விரலால் தொட்டால் தெரியும். மேல்புறம் பஞ்சால் துடைத்து எடுக்கும் சோதனை அடியில் இருக்கும் கிருமியைக் காட்டாமல் போகலாம். சிறு சதைத்துண்டு எடுத்து அதிலுள்ள கிருமியை வளர்த்துப் பார்ப்பதுதான் நம்பகம். ஆன்டிபயாடிக் தேவைப்பட்டால் ஆறு வாரம், எட்டு வாரம் என்று போகும், பத்து நாளில் நிறுத்தினால் திரும்பிவிடும்.

சங்கர், லேடிஸ்மித்
இவ்வளவு செலவு எதற்கு? மஞ்சளை எண்ணெயில் குழைத்துப் போடுங்கள். எங்கள் தாத்தா முற்றம் கழுவும் கறுப்பு ஃபினாயிலைத் தண்ணீரில் கலந்தே நாயைக் குளிப்பாட்டுவார்.

குமரன்
ஃபினாயில் வேண்டவே வேண்டாம் அண்ணே, தோலை எரித்துவிடும், நக்கினால் வயிற்றுக்குள் விஷம். துத்தநாகக் களிம்பையும் நக்கினால் விஷம்தான். வீட்டில் இருக்கும் இப்யூபுரோஃபென் மாத்திரையைக் கொடுத்தால் நாய்க்கு வயிறும் சிறுநீரகமும் கெடும், உயிரே போகலாம்.

மூர்த்தி
மாத்திரை கொடுத்துவிட்டு நாயைக் கட்டியே போட்டால் இன்னொரு காலை நக்கும், பார்த்திருக்கிறேன். சங்கர், உங்கள் நாயை நாள் முழுக்கச் சங்கிலியில் கட்டுவதாக நீங்களே முன்பு எழுதினீர்கள்.

சங்கர்
எங்கள் தெருவில் மதில் தாழ்வு, வண்டியில் அடிபடட்டுமா? சங்கிலி போட்டால் கொடுமை என்று எல்லோரும் பேசுவீர்கள், வேலி போட யார் பணம் தருவது?

தேவி
சண்டை வேண்டாம். நீளமாகக் கட்டிய கம்பியில் ஓடும்படி கயிறு போட்டால் நடமாடவாவது முடியும்.

குமரன்
மூர்த்தி அண்ணன் சொல்வதிலும் உண்மை உண்டு. நக்குவது பழக்கமாக ஊறிவிட்டால் வலி தீர்ந்த பிறகும் தொடரும், அப்போது மோப்பம் பிடித்துத் தேடும் விளையாட்டு உதவும், சில நாய்களுக்கு ஃப்ளுயாக்செட்டின் என்ற மனப்பதற்ற மருந்து வரை போக வேண்டியிருக்கும். ஆனால் வலிக்கும் மூட்டோடு நீண்ட நடை போனால் மோசமாகும். முதலில் எக்ஸ்ரே.

மூர்த்தி
எக்ஸ்ரேயில் தேய்மானம் தெரிந்தால் அதுதான் காரணம் என்று எப்படிச் சொல்வீர்கள்? எட்டு வயது லாப்ரடார் பலவற்றுக்கும் தேய்மானம் இருக்கும்.

குமரன்
நியாயமான கேள்வி. வலி மருந்து கொடுத்து நக்குவது குறைகிறதா என்று பார்ப்பதுதான் வழி. குறையாவிட்டால் ஒவ்வாமை, தைராய்டு என்று தேட வேண்டும்.

வேணி
எக்ஸ்ரே எடுத்தாயிற்று. மணிக்கட்டில் தேய்மானம், எலும்பில் கட்டி இல்லை. சதைத்துண்டு ஆய்வகத்துக்குப் போயிருக்கிறது. நாய்க்கான வலி மாத்திரையில் ராத்திரி நக்குவது குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. எடையும் குறைக்கச் சொல்கிறார்கள். எல்லோருக்கும் நன்றி.

குமரன்
வீக்கத்துக்கு ஸ்டீராய்டு ஊசி போடலாம் என்று யாராவது சொன்னால், இந்த வலி மாத்திரை ஓடுகிறது என்பதை முதலில் சொல்லிவிடுங்கள். இரண்டும் சேர்ந்தால் வயிற்றிலோ குடலிலோ புண் வந்து ரத்தம் கசியலாம்.