வாடகை அனுப்பியாயிற்று, 'வந்தது' என்ற பதில் மட்டும் வரவில்லை

3ஆம் தேதி வங்கி வழியாக வாடகை அனுப்பினேன். என் கணக்கில் பணம் கழிந்துவிட்டது. வீட்டுக்காரரோ தன் கணக்கில் தேடியும் காணவில்லை என்கிறார். அப்புறம்தான் தெரிந்தது, நான் அவருக்குக் கொடுத்தது செயலி காட்டிய ஆர்டர் எண். அதை வைத்து அவருடைய வங்கியில் தேட முடியாது. வங்கி ஸ்டேட்மென்ட்டில் அந்த வரவு செலவுக்கு எதிரே இருக்கும் ரெஃபரன்ஸ் எண்தான் வேண்டுமாம்.

இப்போது இப்படி எழுதி வைத்திருக்கிறேன்:

"ஐயா, இந்த மாத வாடகையை 3ஆம் தேதி உங்கள் கணக்குக்கு (கடைசி நான்கு எண்கள் ____) அனுப்பினேன். ரெஃபரன்ஸ் எண்: ____. சரிபார்த்து, தொகையையும் மாதத்தையும் குறிப்பிட்டு 'பெற்றுக்கொண்டேன்' என்று பதில் அனுப்புங்கள்."

இது போதுமா? வெறும் 'ஓகே' என்று பதில் வந்தால் பிறகு சான்றாக நிற்குமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்களேன்.