W-8BEN திரும்பி வந்துவிட்டது, பணம் நிற்கிறது. எங்கே தவறு?

நீலக்குயில்: அமெரிக்க நிறுவனம் ஒன்றுக்கு என் நாட்டில் இருந்தபடியே இணையதளம் வடிவமைத்துக் கொடுத்தேன். பில் 1,200 டாலர். முதலில் அமெரிக்க வரி செலுத்துபவர்களுக்கான W-9 படிவம் கேட்டார்கள், பிறகு வெளிநாட்டவருக்கான W-8BEN. நிரப்பி அனுப்பினால், படிவத்தின் 3ஆம் இடம், 10ஆம் இடம், தேதி மூன்றும் தவறு என்று திருப்பிவிட்டார்கள். 3-இல் அஞ்சல் பெட்டி எண், 10-இல் 15%, தேதி 25-11-2025. வரியாக முப்பது சதவீதம் பிடித்துவிடுவார்களோ?

ஒற்றைப்பனை: 10-இல் 0% என்று எழுதுங்கள். இரு நாடுகளுக்கும் இடையே வரி ஒப்பந்தம் இருந்தால் பிடிக்க மாட்டார்கள். நான் அப்படித்தான் கொடுத்தேன், ஏற்றுக்கொண்டார்கள்.

கணக்குப்புலி: பிடிக்க மாட்டார்கள் என்பது சரி, காரணம் வேறு. அமெரிக்காவுக்கு வெளியே உட்கார்ந்து செய்த வேலைக்கான கூலி அந்நாட்டில் ஈட்டிய வருமானமே ஆகாது. ஒப்பந்தத்துக்கு அங்கே வேலையில்லை. ஆகவே ஒப்பந்தச் சலுகை கேட்பதற்கான 9, 10 இரண்டையும் காலியாக விடுங்கள்.

3-இல் நிரந்தரமாகக் குடியிருக்கும் வீட்டு முகவரி. அஞ்சல் பெட்டி செல்லாது. கடிதம் வேறு இடத்துக்கு வரவேண்டுமானால் அது 4-இல். உங்கள் நாட்டு வரி எண் 6a-இல். 5 அமெரிக்க எண்ணுக்கானது, இல்லையென்றால் விட்டுவிடலாம். தேதி மாதம்-நாள்-வருடம் என்ற வரிசை, 25ஆம் மாதம் கிடையாதே! 11-25-2025 என்று போடுங்கள். கையெழுத்துப் பகுதியில் உள்ள சின்னக் கட்டத்தையும் டிக் செய்யுங்கள், பலர் அதை விட்டுவிடுகிறார்கள்.

W-9 மட்டும் எந்த அவசரத்திலும் வேண்டாம். அதில் கையெழுத்திட்டால் நீங்கள் அமெரிக்க வரி செலுத்துபவர் என்று பொய் உறுதிமொழி கொடுத்ததாகிவிடும்.

செம்பருத்தி: அமெரிக்க வரித்துறையான ஐ.ஆர்.எஸ்.-க்கு எந்த முகவரிக்கு அனுப்புவது? என் பில் கடைப் பெயரில் போகிறது, நான் ஒருத்திதான் உரிமையாளர். W-8BEN-E தானே?

கணக்குப்புலி: ஐ.ஆர்.எஸ்.-க்கு அனுப்பவே வேண்டாம், பணம் தருபவரிடம் கொடுத்தால் போதும். தனி உரிமையாளர் என்றால் உங்கள் சொந்தப் பெயரில் W-8BEN. E பதிவு செய்த கம்பெனிகளுக்கு. பில்லில் கடைப் பெயருக்குக் கீழே உங்கள் பெயரும் இருக்கட்டும், இல்லையென்றால் பெயர் பொருந்தவில்லை என்று நிறுத்துவார்கள்.

நீலக்குயில்: மாற்றி அனுப்பிவிட்டேன். ஒன்று சொல்ல மறந்தேன். 1,200-இல் 300 டாலர் என் ஓவியங்களைப் பயன்படுத்துவதற்கான உரிமக் கட்டணம் என்று நிறுவனத்தோடு போட்ட ஒப்பந்தத்தில் தனியாக இருக்கிறது.

கணக்குப்புலி: அப்படியானால் அந்த 300-ஐ ராயல்டியாகப் பார்க்க இடமுண்டு. அமெரிக்காவில் பயன்படுத்தும் உரிமைக்கு 30%, அதாவது 90 டாலர் பிடிக்கலாம். 9, 10 உதவுவது இங்கேதான்: உங்கள் நாட்டோடு வரி ஒப்பந்தம் இருந்தால் பிரிவு எண், சதவீதம், வருமான வகை மூன்றையும் எழுத வேண்டும். நீங்கள் வெறும் 15% போட்டதால்தான் திரும்பியது. அதை எப்படி வகைப்படுத்துகிறார்கள் என்று கணக்குப் பிரிவிடம் எழுத்தில் கேளுங்கள்.

ஒற்றைப்பனை: என் 0% படிவத்தையும் மாற்ற வேண்டுமா?

கணக்குப்புலி: வெறும் கூலி என்றால் திருத்திக் கொடுத்துவிடுங்கள். 2025-இல் கையெழுத்திட்டது 2028 டிசம்பர் 31 வரை செல்லும். இடையில் நாடு மாறினால் 30 நாளுக்குள் சொல்ல வேண்டும்.

நீலக்குயில்: கேட்டிருக்கிறேன். 900-ஐ விடுவிக்கிறார்களாம். 300 பற்றி இன்னும் பதில் இல்லை.